பழைய மின்னஞ்சலும் எண்ணும் போன கணக்கை "மீட்டுத் தருகிறோம்" என்பவர்களிடம் போகாதீர்கள்: என் 38,000 ரூபாய் போய்விட்டது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிய பிறகு எழுதினால் பாதி விவரம் விட்டுப்போகும். யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டுத் தப்பித்தால்கூட போதும்.

வீட்டிலிருந்து வேலை எடுத்துச் செய்யும் ஒரு தளத்தில் எனக்குப் பல வருடமாகக் கணக்கு இருக்கிறது. செய்த வேலைக்கான பணம் அங்கேயே இருப்பாகச் சேரும். வேண்டும்போது வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். சேர்ந்திருந்தது 38,000 ரூபாய். பதிவு செய்திருந்த மின்னஞ்சல் பழைய நிறுவனம் கொடுத்தது, அந்த நிறுவனமே இப்போது இல்லை. மொபைல் எண்ணும் இணைப்பை மாற்றியபோது போய்விட்டது. லேப்டாப்பில் எப்போதும் உள்ளே நுழைந்தபடியே இருந்ததால் இது எதுவும் தொந்தரவாக இல்லை. லேப்டாப் பழுதாகிப் புதிதில் நுழைந்தபோதுதான் சிக்கல். பாஸ்வேர்டு சரிதான், ஆனால் பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகத் திரையில் வந்தது. "இந்த எண் என்னிடம் இல்லை" என்பதை அழுத்தினால் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறேன் என்கிறது. அதுவும் என்னிடம் இல்லை. உதவிக்கு எழுதலாம் என்றால், எழுதவும் முதலில் உள்ளே நுழைய வேண்டுமாம்!

அப்போதுதான் தேடலில் ஒரு மீட்புச் சேவை கண்ணில் பட்டது. தளத்தின் பெயரைப் போட்டு எண் மாற்றுவது எப்படி என்று தேடினேன், முதலில் வந்தது அந்த விளம்பரம்தான். பேசிய ஆள் அவ்வளவு பொறுமை. என் நம்பிக்கையை அவன் வாங்கிய இடத்தைச் சொல்கிறேன், கவனியுங்கள். "சார், பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லாதீங்க. என்கிட்டயும் சொல்லாதீங்க. ஓடிபி வந்தாலும் சொல்லாதீங்க, கேட்டா அவன் திருடன்" என்றான். இதைவிட ஒரு ஆள் என்ன சொல்ல வேண்டும்? கட்டணமாக 1,500 கேட்டான், கொடுத்தேன். அடையாள அட்டையின் இரண்டு பக்கமும், அட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபியும், கணக்கு தொடங்கிய மாதமும், கடைசியாக வந்த தொகையும் கேட்டான். எல்லாம் தளம் கேட்கும் விவரங்கள்தான் என்றான். உண்மையில் தளம் கேட்பவையும் அவைதான்.

அவனுக்கு என் பாஸ்வேர்டு தேவையே இல்லை என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. இந்த மாதிரித் தளங்களில், உள்ளே நுழைய முடியாதவர்களுக்கென்றே ஒரு தனிப் படிவம் இருக்கும். உதவிப் பக்கத்தில் எங்கோ அடியில் கிடக்கும். அதை யாரும், காசு இல்லாமல், தாங்களே நிரப்பலாம். அதில் அட்டை, செல்ஃபி, பழைய பரிவர்த்தனை விவரம் எல்லாம் கேட்டுவிட்டு ஒரு கட்டத்தில் "இனி உங்களைத் தொடர்புகொள்ள வேண்டிய மின்னஞ்சல்" என்று கேட்பார்கள். சரிபார்ப்பு முடிந்ததும் கணக்கின் பதிவு மின்னஞ்சலாக ஏறுவது அதுதான். அவன் என் அட்டையை வைத்து, என் முகத்தை வைத்து, அந்தக் கட்டத்தில் மட்டும் தன்னுடைய முகவரியைப் போட்டிருக்கிறான். என் பெயரிலேயே, கடைசியில் ஒரு எழுத்து கூடுதலாக, புதிதாகத் தொடங்கிய முகவரி. பார்க்கிற ஊழியருக்கு எந்தச் சந்தேகமும் வராது.

படிவத்தின் பிரதியை அனுப்பச் சொன்னேன். "முடிஞ்சதும் மொத்தமா அனுப்புறேன் சார்" என்றான். அப்புறம் ஒருநாள் அவனே அழைத்து, "ஆச்சு சார், மெயில் மாறிடுச்சு. ஆனா இப்ப ஹோல்டுல இருக்கும், நீங்க உள்ள போக முயற்சி பண்ணாதீங்க, பண்ணா லாக் ஆயிடும்" என்றான். ஹோல்டு என்றது பொய் இல்லை. தொடர்பு விவரம் மாறியதும் சில நாட்களுக்குப் பணம் எடுக்க விடாமல் நிறுத்தி வைப்பது பல தளங்களில் உண்டு. உண்மையான உரிமையாளர் விழித்துக்கொண்டு தடுப்பதற்கான அவகாசம் அது. அந்த அவகாசம் முழுக்க என்னைச் சும்மா இருக்க வைத்ததுதான் அவன் வேலை. மாற்றம் நடந்ததாக எச்சரிக்கை மடல் போயிருக்கும், ஆனால் போனது செத்துப்போன பழைய முகவரிக்கு. ஹோல்டு முடிந்த அன்றே ஒரு இ-வாலட்டைச் சேர்த்து 38,000 ரூபாயையும் எடுத்துவிட்டான்.

அவனை அழைத்தேன். முதலில் "சர்வர் பிரச்சனை", அடுத்து "மேனேஜர்கிட்ட கேக்குறேன்", அதற்கும் அடுத்து "ரிலீஸ் கட்டணம் 4,000 கட்டினால் கணக்கு வரும்". கடைசியில் எடுப்பதே இல்லை.

தளத்தின் பதில்தான் இன்னும் எரிகிறது. அந்தப் படிவத்தைத் தேடிப் பிடித்து, நடந்ததை எல்லாம் எழுதினேன். "பாதுகாப்புக் காரணங்களுக்காக, பதிவு செய்த மின்னஞ்சலில் இருந்து எழுதவும்" என்று பதில் வந்தது. பதிவு செய்த மின்னஞ்சல் திருடனுடையது ஐயா, அதைத்தானே சொல்கிறேன்! மறுபடி எழுதினால் "உரிய ஆவணங்களுடன் வந்த கோரிக்கையின்படியே மாற்றம் செய்யப்பட்டது. பணம் எடுத்தது செல்லுபடியானது" என்று சொல்லி டிக்கெட்டை மூடிவிட்டார்கள். யாரோ ஒருவர் என் படத்தைப் பத்து வினாடி பார்த்ததற்கு 38,000 ரூபாய். திருடன் அனுப்பிய அட்டை செல்லும், அதே அட்டையை நான் அனுப்பினால் செல்லாது. இது என்ன நியாயம்?

சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்து, அந்தப் புகார் எண்ணைக் குறிப்பிட்டு எழுதிய பிறகுதான் கணக்கையாவது முடக்கினார்கள். பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

எப்படி மீட்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மீட்புப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள், முடிந்தால் முன்பு அந்தக் கணக்கைத் திறந்த அதே கருவியிலும் அதே இணைப்பிலும் இருந்து. அனுப்பியதும் "உங்கள் கோரிக்கை கிடைத்தது" என்று ஒரு தானியங்கி மடல் வரும், அது உங்கள் இன்பாக்ஸுக்கு வந்ததா என்று பாருங்கள். வேறொருவர் அனுப்பி, அந்த மடல் உங்களுக்கு வரவில்லை என்றால் கணக்கு உங்களுக்கு வரப்போவதில்லை. அட்டை நகல் எங்கே கொடுத்தாலும் அதன் குறுக்கே எந்தத் தளத்துக்கு, எதற்காக, எந்தப் புதிய முகவரிக்கு, எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுங்கள். அட்டையின் விவரங்கள் மறையாதபடி எழுதுங்கள், வேறு முகவரியைப் போட்டு அதே நகலை ஓட்டுவது கடினமாகும்.

பழைய போனிலோ லேப்டாப்பிலோ கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறதா? வெளியேறாதீர்கள். அமைப்புகளில் போய் இன்றே எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றுங்கள், சில தளங்களில் அதற்குப் பாஸ்வேர்டு மட்டும் போதும். ஓடிபி வராதபோது உள்ளே நுழைய உதவும் காப்புக் குறியீடுகள் தந்தால் தாளில் எழுதி வையுங்கள். விட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடலாம், அப்போது உங்கள் ஓடிபியும் அவருக்குத்தான் போகும்.

ஏற்கெனவே யாரிடமாவது அட்டையும் செல்ஃபியும் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அவன் அழைப்புக்குக் காத்திருக்காதீர்கள். இந்த நிமிடமே தளத்துக்கு எழுதி, உங்கள் பெயரில் வரும் தொடர்பு மாற்றத்தை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், புகாரும் கொடுங்கள். ஹோல்டு முடிவதற்குள் செய்தால்தான் உண்டு.