பட்டன் மாற்றிய பிறகு செகிரோ: சீக்கிரம் அழுத்துகிறவரா, தாமதமாக அழுத்துகிறவரா?

என் கன்ட்ரோலரின் இடது மேல் பட்டனைப் போன மாதம் மாற்ற வேண்டியதாயிற்று. பழைய பட்டன் பல மாதமாகவே மந்தமாகிவிட்டது. நன்றாக அழுந்தினால்தான் ஏற்கும். கை அதற்குப் பழகிக்கொண்டு ஒரு கணம் முன்னாலேயே அழுத்தத் தொடங்கியிருந்தது, எனக்கே தெரியாமல். புதுப் பட்டன் வந்ததும் செகிரோவைத் திறந்தேன். 2019-இல் வந்ததிலிருந்து விட்டு விட்டு ஆடிக்கொண்டிருக்கும் கத்திச் சண்டை வீடியோ கேம். அதில் வரும் பெரிய எதிரி கெனிச்சிரோவிடம் போய் நின்றால், கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிட்ட வீச்செல்லாம் வெறும் பிளாக்காக விழுகிறது. முழுக்க நிரம்பினால் நிலைகுலைய வைக்கும் போஸ்ச்சர் பட்டை என்னுடையதுதான் நிரம்புகிறது, அவனுடையது அசையவில்லை.

அதே வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "எல்லாரும் பாரி பண்ணு, பாரி பண்ணுங்கறாங்க. நான் பண்ணினா அடிதான் விழுது. எனக்கு இது வராதாடா?" அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அடி வரும் கணத்தில் அதைத் தட்டிவிடும் பாரி, உருண்டு தப்பிக்கும் ரோல், கேடயம் மூன்றில் எது உயர்ந்தது என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. நாம் தவறும்போது எந்தப் பக்கம் தவறுகிறோம், அந்தத் தவறுக்கு விளையாட்டு என்ன தண்டனை தருகிறது, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஏற்ற தற்காப்பு தானாகத் தெரிந்துவிடும்.

ஓடினாலும் வெட்டினாலும் குறைகிற ஸ்டாமினா செகிரோவில் கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம், வெட்டலாம். பட்டனை அழுத்தியதிலிருந்து சுமார் 0.2 நொடிக்குள், அதாவது நொடிக்கு 60 ஃபிரேம் ஓடினால் ஏறக்குறைய 12 ஃபிரேமுக்குள், எதிரியின் கத்தி வந்து பட்டால் அது டிஃப்லெக்ட். அதற்குப் பிறகு பட்டால், பட்டனை விடாமல் பிடித்திருக்கும்வரை அது பிளாக். இந்த ஒரு ஏற்பாட்டைத்தான் நான் இத்தனை ஆண்டாகக் கொண்டாடுகிறேன். சீக்கிரம் அழுத்தியவனை இந்த விளையாட்டு கொல்வதில்லை. உயிர் குறையாது, போஸ்ச்சர் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். சரியாகத் தட்டும்போதும் நம் போஸ்ச்சர் ஏறத்தான் செய்யும். ஆனால் பட்டை முழுக்க நிரம்பிய நிலையிலும் சரியான டிஃப்லெக்ட் நம்மை உடையவிடாது. கடைசி நொடியில், பட்டை சிவந்து நிற்கும்போது, ஒரே ஒரு நல்ல தட்டில் தப்பித்து எதிரியின் போஸ்ச்சரை உடைத்துவிடலாம். அந்த நேரத்தில் வரும் உலோகச் சத்தத்துக்காகவே திரும்பத் திரும்ப உள்ளே போயிருக்கிறேன்.

டார்க் சோல்ஸ் வகை பாரி இதற்கு நேர் எதிர். அங்கே பட்டனை அழுத்தியதும் கை சுழலத் தொடங்குகிறது. அந்தச் சுழற்சியின் நடுவில் ஒரு சிறு துண்டு மட்டும்தான் வேலை செய்யும். மீதி நேரமெல்லாம் நெஞ்சைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கிறோம். சீக்கிரம் அழுத்தினாலும் அடி, தாமதமானாலும் அடி. போதாக்குறைக்கு, எந்தப் பக்கம் தவறினோம் என்பதும் புரியாது. என் நண்பன் மாட்டிக்கொண்டது இங்கேதான். சிறு கேடயத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் முயன்றிருக்கிறான். அவன் பிழை எப்போதும் ஒரே பக்கம் என்பதை அவனுக்குச் சொல்ல அந்த விளையாட்டுக்கு வழியே இல்லை.

எனவே அவனை செகிரோவில் ஹன்பேயிடம் போகச் சொன்னேன். பாழடைந்த கோவிலுக்கு வெளியே நிற்கும் அந்தச் சாகாத ஆள் பயிற்சிக்கென்றே இருப்பவன். அவன் அடிக்கும் 20 அடியை எண்ண வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் பட்டனைப் புதிதாக அழுத்த வேண்டும், ஆனால் தட்டிவிட்டு எடுக்கக் கூடாது, அந்த அடி விழும்வரை பிடித்தே இருக்க வேண்டும். அப்போது மூன்றே முடிவுதான் வரும். பெரிய தீப்பொறியும் கணீர் சத்தமும் வந்தால் சரியாக அழுத்தியிருக்கிறோம். மங்கிய சத்தம் வந்தால் சீக்கிரம். உடம்பில் வெட்டு விழுந்தால் தாமதம். தட்டிவிட்டு விரலை எடுத்தால் சீக்கிரத் தவறும் வெட்டாகவே விழக்கூடும், கணக்கு குழம்பிவிடும். பிடித்திருக்கச் சொல்வது அதற்காகத்தான்.

அவன் கணக்கு: 6 டிஃப்லெக்ட், 11 பிளாக், 3 வெட்டு. பிழை 14, அதில் 11 ஒரே பக்கம். ஆள் மெதுவானவன் இல்லை, அவசரக்காரன். எதிரி கத்தியை ஓங்குவதைப் பார்த்ததும் அழுத்திவிடுகிறான். ஓங்குவதை விட்டுவிட்டு, கத்தி கீழே இறங்கத் தொடங்குவதைப் பார் என்றேன். மறுநாள் கணக்கில் டிஃப்லெக்ட் 13. என் புதுப் பட்டனோடு நானும் அதே சோதனையைச் செய்தேன். எனக்கு 9 பிளாக். பழைய பட்டன் கற்றுக்கொடுத்த அவசரம் இன்னும் விரலில் இருக்கிறது என்று அப்போதுதான் உறுதியானது.

இந்தச் சோதனைக்கு முன்னால் டிவியில் கேம் மோடு போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். திரை தாமதமாகக் காட்டினால் அந்த 0.2 நொடி சுருங்காது, ஆனால் நாம் பார்ப்பதைவிட முன்னாலேயே விளையாட்டுக்குள் அடி விழுந்துவிடும். அப்புறம் எல்லாரும் தாமதக்காரர் போலவே தெரிவார்கள்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். செகிரோவில் பட்டனை அடுத்தடுத்து வேகமாகத் தட்டினால் அந்த டிஃப்லெக்ட் நேரம் குறுகிக்கொண்டே போகும். சுமார் அரை நொடி கையை அடக்கினால் பழைய அளவுக்குத் திரும்பும். கண்டபடி தட்டி ஜெயிக்கக் கூடாது என்ற காரணம் நியாயமானதுதான். ஆனால் திரையில் இதற்கு ஒரு அடையாளமும் இல்லை. கெனிச்சிரோ தொடர்ச்சியாகச் சுழற்றி அடிக்கும்போது முதல் இரண்டு தட்டு சரியாக விழும். மூன்றாவதில் பதறிப் போய் இரண்டு முறை தட்டுவோம். அங்கிருந்து மீதி எல்லாம் பிளாக். ஏன் என்றே புரியாது. வேகமாகத் தட்ட வேண்டும் போல என்று நினைத்து இன்னும் வேகமாகத் தட்டுவோம், நேரம் இன்னும் குறுகும். முதல் முறை ஆடியபோது இரண்டு வாரம் அவனிடமே நின்றதற்கு இதுதான் காரணம். ஒரு அடிக்கு ஒரே அழுத்து, நடுவில் தவறினால் பட்டனைப் பிடித்தபடியே அடுத்த அடியை பிளாக்கில் வாங்கிக்கொள், மறுபடி தாளத்தில் சேர்ந்துகொள். இதை யாராவது அன்றே சொல்லியிருந்தால் அந்த இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். ஆறு ஆண்டு கழித்தும் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்று, பொறுமைசாலிகளுக்கு செகிரோ பொருந்தாது. எதிரியின் போஸ்ச்சர் விட்டால் இறங்கிவிடும். உயிர் நிறைய இருக்கும்வரை வேகமாக இறங்கும், உயிர் குறையக் குறைய மெதுவாகும். ஆகவே முதலில் கொஞ்சம் வெட்டி உயிரைக் குறைத்துவிட்டு, அப்புறம் விடாமல் நெருக்க வேண்டும். மருந்து குடிக்க ஓடிப்போய் நின்று மூச்சு வாங்கினால், ஏற்றி வைத்ததெல்லாம் போய்விடும். ஸ்டாமினா விளையாட்டுகளில் பின்வாங்கி நிற்பது வருமானம், இங்கே அது செலவு.

தாமதக்காரர்களுக்கு, அதாவது கணக்கில் வெட்டு அதிகம் வந்தவர்களுக்கு, டார்க் சோல்ஸ் வகையைச் சேர்ந்த எல்டன் ரிங்கின் ரோல் நல்ல இடம் என்று தோன்றும். உருளத் தொடங்கியதுமே அடி படாத நேரம் தொடங்கிவிடுகிறது. அணிந்திருக்கும் கவசம், ஆயுதங்களின் சுமையை 70 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் அது போதுமான உருளலாகவே இருக்கும். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று: அதே பட்டனைப் பிடித்திருந்தால் ஓட்டம் என்பதால், ரோல் பட்டனை அழுத்தும்போது நடப்பதில்லை, விடும்போதுதான் நடக்கிறது. பதற்றத்தில் பட்டனை அமுக்கிப் பிடிக்கிறவர்கள் சரியான நேரத்தில் அழுத்தியும் தாமதமாகவே உருள்வார்கள். சட்டென்று தொட்டு விட்டுப் பாருங்கள். பாதித் தாமதம் அங்கேயே தீரும். அவசரக்காரர்களுக்கோ ரோல் ஆபத்து. மார்கிட் என்ற பெரிய எதிரி கோலை ஓங்கி அப்படியே நிறுத்தி வைப்பது அவர்களைப் பிடிக்கத்தான். உருண்டு முடித்து எழுகிற இடத்தில் கோல் இறங்கும்.

இரண்டு பக்கமும் சமமாகத் தவறுகிறவர்கள் எல்டன் ரிங்கிலேயே கேடயம் எடுத்துக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிராஸ் ஷீல்ட் மாதிரி சாதாரண அடியை 100 சதவீதம் தடுக்கும் ஒரு கேடயம் போதும். அடியை வாங்கியதும் கனமான தாக்குதல் பட்டனை அழுத்தினால் கார்டு கவுண்டர் என்ற எதிரடி, எதிரியின் நிலையை நன்றாகவே குலைக்கும். நேரம் பார்த்து அழுத்துவது இங்கே அடி விழுந்த பிறகுதான். கவனிக்க வேண்டியது ஸ்டாமினா மட்டும். கேடயத்தை உயர்த்தியே வைத்திருந்தால் அது மெதுவாகத்தான் திரும்பும். இரண்டு அடிக்கு நடுவில் கையை இறக்க வேண்டும். இறக்கப் பயந்து தூக்கியே நிற்பவரின் ஸ்டாமினா மூன்றாவது, நான்காவது அடியில் தீர்ந்து, தடுப்பு உடைந்து, வாய் திறந்து நிற்பார். அப்படி அடிக்கடி உடைந்தால் உங்கள் பிழை நேரத்தில் இல்லை, கையை இறக்காததில்தான்.

செகிரோதான் நான் ஆடியதிலேயே சிறந்த கத்திச் சண்டை. அதில் மாற்றமில்லை. ஆனாலும் இந்த மாதம் யாராவது வாங்கலாமா என்று கேட்டால், தட்டும் நேரம் சுருங்குவதைத் திரையில் காட்டாத ஒரு விளையாட்டை முதல் வேலையாக வாங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நண்பன் கெனிச்சிரோவின் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறான். நான் நேற்று இரவு எல்டன் ரிங்கில் கேடயத்தோடு புதிதாகத் தொடங்கிவிட்டேன். விரலில் இருக்கும் பழைய பட்டனின் அவசரம் போகட்டும், அப்புறம் ஹன்பேயிடம் 20 அடி எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.