மெட்டுல நெட் இல்லாதப்ப *99#: ரெண்டு வருஷம் அடிச்சுப் பார்த்தவன் சொல்றது

போன வாரம் மாப்ள ஒருத்தன் போன் பண்ணான், தேவாரத்துக்காரன், இனிமே சாந்தன்பாறை பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டு ஜீப் ஓட்டப் போறானாம். "மேல டவர் இருக்காதே, நெட் இல்லாமலே போன்ல பணம் அனுப்பலாம்னு சொல்றாங்களே, லைட்டுன்னு ஒண்ணு போட்டுக்கிட்டா போதுமா?"ன்னு கேட்டான். போன்லயே அரைமணி நேரம் சொன்னேன், அப்பவும் பாதிதான் சொன்ன மாதிரி இருந்துச்சு, அதான் மிச்சத்தையும் சேர்த்து எழுதுறேன்.

நான் குட்டியானையில போடியில இருந்து காய்கறி ஏத்திட்டு பூப்பாறை, ராஜகுமாரி கடைகளுக்குப் போடுறவன். போடிமெட்டு ஏறுறதுக்குள்ள 17 கொண்டை ஊசி வளைவு, பாதிக்கு மேல நெட்டு வரும் போகும், மேல போனா சில இடத்துல போன்ல ஒரு கோடு மட்டும் நிக்கும், அதுவும் 4ஜி இல்ல, வெறும் 2ஜி.

முதல்ல லைட்டைப் பத்திப் பேசிடுறேன், எல்லாரும் ஏமாந்து நிக்கிறது அதுலதான். யுபிஐ லைட்டுங்கறது ஆஃப்லைன் இல்லப்பா. பின் நம்பர் போடாம சின்னப் பணம் அனுப்பறதுக்கு போன்லயே ஒரு பர்ஸ் மாதிரி வெச்சிருக்கறது, அவ்வளவுதான். ஒரு தடவைக்கு 1,000 ரூபா, மொத்தமா உள்ள 5,000 ரூபா வரைக்கும் வெச்சுக்கலாம். ஒவ்வொரு டீ காசுக்கும் பேங்க் கணக்கு வரைக்கும் போய்க் கேக்கறதில்ல, அதனால நெட்டு மந்தமா இருக்கற இடத்துல சாதா யுபிஐ சுத்திக்கிட்டே இருக்கும்போது லைட்டு டக்குனு போயிடும், அந்த வகையில நல்ல விஷயம், நான் தினமும் வெச்சிருக்கேன். ஆனா நெட்டு சுத்தமா இல்லேன்னா அதுவும் போகாது. அப்புறம் பர்ஸுல காசு தீர்ந்து மறுபடி போடணும்னா நெட்டு வேணும், அதனால கீழ போடியில இருக்கும்போதே நிரப்பிட்டு ஏறணும். உண்மையிலேயே ரெண்டு பக்கமும் நெட்டு இல்லாம வேலை செய்யுறது லைட் எக்ஸ், 2023 செப்டம்பர்ல விட்டாங்க, ஆனா அதுக்கு குடுக்கறவன் போன்லயும் வாங்கறவன் போன்லயும் என்எஃப்சி, அதாவது ரெண்டு போனையும் ஒட்டி வெச்சாலே தகவல் போற வசதி, இருக்கணும், ரெண்டு பேரும் அதைப் போட்டு வெச்சிருக்கணும். எங்க ரூட்டுல நான் இதுவரைக்கும் ஒரு கடையில கூட அதைப் பார்க்கல.

மிச்சம் இருக்கறது *99# தான். இது புதுசு இல்ல, 2014-லயே நாடு பூரா வந்துடுச்சு, ஸ்மார்ட்போனே தேவையில்ல, பட்டன் போன்லயும் வரும். முன்னாடி பேலன்ஸ் பாக்க நட்சத்திரம் போட்டு ஒரு நம்பர் அடிப்போமே, அதே வழி. டேட்டா கிடையாது, சிக்னல் இருந்தா போதும். முன்ன ஒரு தடவைக்கு 50 பைசா வரைக்கும் எடுப்பாங்க, 2022-ல ட்ராய் அதை எடுத்துட்டாங்க. ஒரு தடவைக்கு 5,000 ரூபா வரைக்கும் அனுப்பலாம். பேங்க்ல குடுத்த நம்பர் எந்த சிம்ல இருக்கோ அந்த சிம்ல இருந்துதான் அடிக்கணும், ஆப்ல அதே கணக்குக்கு வெச்சிருக்கற பின்தான் இங்கயும்.

அடிச்சதும் லிஸ்ட் வரும், 1 போட்டா பணம் அனுப்ப. அடுத்து மறுபடி 1 போட்டா மொபைல் நம்பருக்கு, 3 போட்டா யுபிஐ ஐடிக்கு. நம்பரைப் போட்டா அவங்க பேரு வரும், அந்தப் பேரைக் கண்டிப்பா படிச்சுப் பாருங்க. அப்புறம் தொகை, அப்புறம் குறிப்பு கேக்கும், அது வேணாம்னா 1, கடைசில பின். பின் அடிக்கும்போது ஆப்ல மாதிரி புள்ளியா மறையாது, எழுத்து மாதிரி அப்படியே திரையில தெரியும். ஒரு மழை நாள்ல பூப்பாறை டீக்கடையில நான் அடிக்கும்போது பக்கத்துல நின்ன சேட்டன் தலையைத் திருப்பிக்கிட்டாரு, அன்னைக்குத்தான் எனக்கே அது உறைச்சுச்சு. அதுல இருந்து வண்டிக்குள்ள ஏறிக் கதவைச் சாத்திட்டுத்தான் பின் போடுறேன்.

கடையில கியூஆர் மட்டும்தான் ஒட்டியிருக்கு, நம்பர் இல்லேன்னா? கியூஆரைப் படிக்கறதுக்கு நெட்டு வேணாம், அது வெறும் எழுத்துதான். கியூஆரைப் படிச்சு எழுத்தாக் காட்டுற சாதா ஸ்கேனர் ஒண்ணு போன்ல வெச்சுக்கிட்டு காட்டுனா `upi://pay?pa=` ன்னு ஆரம்பிச்சு ஒரு நீளமான வரி வரும், `pa=` க்கு அப்புறம் & வரைக்கும் இருக்கறதுதான் கடையோட ஐடி. அதை *99#-ல முதல்ல 1, அடுத்து 3 போட்டு அடிக்கலாம். ஆனா கடை ஐடி எழுத்தும் நம்பருமா கலந்து நீளமா இருக்கும், அடிக்கிறதுக்குள்ள நேரமாச்சுன்னா லிஸ்டு தானா மூடிடும், மறுபடி முதல்ல இருந்து. அதனால நான் வழக்கமாப் போற கடைக்காரங்க மொபைல் நம்பரை வாங்கி வெச்சிருக்கேன், ஒரு தடவை அனுப்புனதும் சேவ் பண்ணவான்னு கேக்கும், பண்ணிட்டா அடுத்த தடவை 1-க்கு அப்புறம் 4 போட்டு எடுத்துக்கலாம்.

இவ்வளவும் நல்லாத்தான் சொல்லிட்டு வர்றேன். என்னை ரெண்டு வருஷமா கொல்லுறது ஒண்ணே ஒண்ணுதான், பின் போட்டதுக்கு அப்புறம் வர்ற அந்த மௌனம்.

நம்மகிட்ட இருந்து பின் போயிடுச்சு. பதில் வர்றதுக்குள்ள சிக்னல் அறுந்துடுச்சு. திரையில `Connection problem or invalid MMI code` ன்னு வருது. இப்ப பணம் போச்சா போகலையா? போகலைன்னு நெனச்சு மறுபடி அனுப்புனா ரெண்டு தடவை போகும். நான் முதல் வருஷம் அப்படித்தான் மாட்டுனேன், அது ஆப்பும் *99-ம் கலந்த கதை. ராஜகுமாரி பக்கம் ஒரு ஸ்பேர் கடையில 640 ரூபா, ஆப்ல பின் போட்டேன், வட்டம் சுத்துச்சு, பெண்டிங்னு வந்துச்சு. சரி போகலன்னு *99#-ல இன்னொரு 640 அனுப்பிட்டேன். சாயங்காலம் கீழ இறங்கி நெட்டு வந்ததும் பார்த்தா ரெண்டும் போயிருக்கு. அந்தக் கடைக்காரர் நல்ல மனுஷன், அடுத்த ட்ரிப்ல திருப்பிக் குடுத்துட்டாரு. தெரியாத ஊர்ல தெரியாத ஆள்கிட்ட இது நடந்திருந்தா நம்ம காசு அவ்வளவுதான், ரெண்டு தடவையும் நாமளே பின் போட்டு அனுப்புனது, பேங்க்காரன் என்ன பண்ணுவான்.

பெண்டிங்னா என்னன்னு அப்புறம்தான் புரிஞ்சுக்கிட்டேன். நம்ம போனுக்குப் பதில் வரலைங்கறது வேற, பணம் நகரலைங்கறது வேற. நடுவுல பேங்க்குக்கும் பேங்க்குக்கும் வேலை நடந்துக்கிட்டுதான் இருக்கும், நம்ம டவர் செத்தது அதுக்குத் தெரியாது.

போன ஐப்பசி மழையில நடந்ததைச் சொல்றேன். பூப்பாறை தாண்டி டயர் போயிடுச்சு, ரோட்டோரக் கடையில செகண்ட் ஹேண்ட் டயர் ஒண்ணு போட்டு லேபரோட 1,850 ரூபா. லைட்டுல போகாது, 1,000-க்கு மேல. ஆப்பைத் தொடவே இல்ல, நேரா *99#. பேரு சரியா வந்துச்சு, பின் போட்டேன், அறுந்துடுச்சு. கடைக்கார அண்ணனும், பணம் வந்துச்சுன்னு பேசுற அவரோட டப்பாவும் என்னையே பாக்குறாங்க. டப்பா பேசல. அவருக்கு டப்பா பேசுனாத்தான் காசு. அந்த டப்பாவுக்குள்ள தனியா ஒரு சிம் இருக்கு, அதுக்கும் அங்க டவர் வேணும்ல, என் பணம் போனாலும் அது பேசாம இருக்கலாம். நான் மறுபடி அனுப்பல. அஞ்சு நிமிஷம் விட்டு *99# அடிச்சு 3 போட்டுப் பேலன்ஸ் பார்த்தேன், காலையில பார்த்ததுல இருந்து சரியா 1,850 குறைஞ்சிருக்கு. 6 போட்டா கடைசியா அனுப்புனதும் காட்டுச்சு. இருந்தும் அவர் கணக்குல ஏறுச்சான்னு அது சொல்லாது. "அண்ணே, உங்க போன்ல பேங்க் மெசேஜ் வருதான்னு பாருங்க, டப்பாவை விடுங்க"ன்னேன். மெசேஜ்க்கும் நெட்டு வேணாம், 2ஜி போதும். இருபது நிமிஷம் கழிச்சு அவர் போன் டிங்குன்னுச்சு, 1,850. அந்த இருபது நிமிஷம் மழையில நின்னு ஒரு திருடன் மாதிரி உணர்ந்தேன், ஒரு தப்பும் பண்ணாம.

எடுத்த காசு போய்ச் சேரலைன்னா தானா திரும்பணும், ஆர்பிஐ 2019-ல போட்ட விதி அது. ஆளுக்கு அனுப்புனதுன்னா மறுநாளுக்குள்ள, கடைக்குன்னா அஞ்சு நாளைக்குள்ள, அதுக்கு மேல போனா ஒரு நாளைக்கு 100 ரூபா பேங்க் சேர்த்துத் தரணும். மெசேஜ்ல வர்ற 12 இலக்க ரெஃபரன்ஸ் நம்பரை அழிக்காம வெச்சுக்கணும், புகாருக்கு அதுதான் பிடி.

வண்டி ஓடும்போது மட்டும் *99# அடிக்காதீங்க. மெட்டுல தமிழ்நாட்டு டவர்ல இருந்து கேரளா டவருக்கு மாறுற இடத்துல எனக்கு எத்தனையோ தடவை பாதியில அறுந்திருக்கு. நிறுத்தி, கோடு அசையாம நிக்குதான்னு பார்த்துட்டு அடிங்க. ஸ்மார்ட்போன்ல சுத்தமா வரலைன்னா செட்டிங்ல நெட்வொர்க்கை 2ஜிக்கு மாத்திட்டு அடிச்சுப் பாருங்க, எனக்கு பாதி நேரம் அதுலயே வந்துடுது. 2ஜியே இல்லாத 4ஜி மட்டும் உள்ள சிம்னா இதுல மெனக்கெடாதீங்க, அதுக்கு 080 4516 3666-க்கு போன் போட்டு குரல் வழியா அனுப்பறது இருக்கு, எங்கப்பா பட்டன் போன்ல அதைத்தான் பண்றாரு, ஆனா ஜீப் இரைச்சல்ல அது சொல்றது காதுல விழாது.

மாப்ள கடைசியா கேட்டான், "அப்ப நம்பிப் போகலாமா?"ன்னு. *99# இல்லாம நான் ஒரு நாளும் மெட்டு ஏறமாட்டேன், இத்தனை தடவை காப்பாத்தியிருக்கு. இருந்தாலும் அவன்கிட்ட நான் சொன்னது, நம்பாதடா, டேஷ்போர்டுல ரெண்டாயிரம் நோட்டா வெச்சுக்கன்னுதான். அந்த டயருக்கு அப்புறம் நானும் வெச்சிருக்கேன், ஐநூறா நாலு.