சுமை மாறாத தண்டு எவ்வளவு நீளும்? மூன்று கணக்குகளும் என் தேர்வும்

பெங்களூரு பீன்யாவில் எங்கள் டிசைன் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் விருதுநகர்த் தம்பி கேட்டார்: "சுமை அப்படியேதானே இருக்குண்ணா, க்ரீப் வேகம் மட்டும் ஏன் கூடணும்?"

க்ரீப் என்பது சூட்டில் சுமை தாங்கும் உலோகம் மெல்ல மெல்ல நீள்வது. சுமை அப்படியே இருப்பதால்தான் அதன் வேகம் கூடுகிறது. தண்டு நீள நீள மெலிகிறது. அதே எடையைச் சிறிய குறுக்குப் பரப்பு தாங்குவதால் தகைவு ஏறுகிறது. திரிபு வீதம், அதாவது மணிக்கு நீளத்தில் எத்தனை பங்கு கூடுகிறது என்பது, `Bσⁿ` என்னும் அடுக்கு விதிப்படி நடக்கிறது என்று வைப்போம்; σ தகைவு, B-யும் n-உம் உலோகத்தைப் பொறுத்த எண்கள். அப்போது n = 5 உள்ள உலோகத்தில் தகைவு 2% ஏறினாலே வீதம் 10% கூடிவிடும்.

100 மி.மீ. தண்டு ஒன்றை எடுப்போம். வெப்பநிலை மாறவில்லை, n = 5, தொடக்கத் திரிபு வீதம் மணிக்கு 0.00001.

முதல் கணக்கு, தகைவு மாறாது என்று வைத்துக்கொண்டு வீதத்தை நேரத்தால் பெருக்குவது. 1000 மணியில் 1 மி.மீ., 10,000 மணியில் 10 மி.மீ. வரும்.

இரண்டாவது, கன அளவு மாறாது என்று கொண்டு, மெலிவையும் சேர்த்துத் தொகையிடுவது:

`L = L₀(1 − n·r·t)^(−1/n)`

இதில் L₀ தொடக்க நீளம், r தொடக்க வீதம், t நேரம். 1000 மணியில் 1.03 மி.மீ.தான், அதனால் முதல் கணக்கோடு சண்டையே இல்லை. 10,000 மணியில் 14.9 மி.மீ. ஆகிறது. 20,000 மணியில் அடைப்புக்குள் சுழியம் வந்து நீளம் எல்லையில்லாமல் போகிறது. முதல் கணக்கோ அங்கேயும் அமைதியாக 20 மி.மீ. என்கிறது. எனக்கு இதுதான் பெரிய வேறுபாடு: தண்டு அறுபடும் என்ற செய்தியே முதல் கணக்கில் கிடையாது.

மூன்றாவது, நேரத்தைத் துண்டு போட்டுக் கணினியில் முன்னேறுவது. சுமையோ வெப்பமோ இடையில் மாறினால் இதுதான் வழி. ஆனால் 1000 மணித் துண்டுகளில் 10,000 மணிக்கு 14.0 மி.மீ.தான் கிடைக்கிறது, ஒவ்வொரு துண்டிலும் பழைய தகைவையே பயன்படுத்துவதால் குறைகிறது. 20,000 மணியிலும் நிற்காமல் ஒரு எண்ணைத் தந்துவிடும். துண்டைப் பாதியாக்கி ஓட்டுங்கள். விடை நகர்ந்தால் நம்பாதீர்கள்.

1% திரிபு வரைக்கும் முதல் கணக்கே எனக்குப் போதும். அதன் பிழை தோராயமாகத் திரிபின் (n+1)/2 மடங்கு, இங்கே 3%. அதற்கு மேல் இரண்டாவதுதான்.

சோதனைச் சாலையில் எடை தொங்கவிடும் இயந்திரம் தருவதும் மாறாத சுமைதான், மாறாத தகைவு அல்ல. 1910-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஆண்ட்ரேட், கம்பி நீளும்போது எடை திரவத்துக்குள் அமிழ்ந்து சுமை குறையும்படி எடைக்கு வடிவம் கொடுத்துத் தகைவை மாறாமல் வைத்தார். அந்த ஏற்பாடு இல்லாத சோதனையில் நேரத்துக்கு எதிரான திரிபின் வளைவு மேலே திரும்பினால் முதலில் மெலிவைக் கழித்துப் பாருங்கள். 2% திரிபில் மெலிவால் வரக்கூடியது அந்தப் பத்து சதவீதம்தான். அளந்த வீதம் இருமடங்காகியிருந்தால், உலோகத்துக்குள் படிகத் துகள்கள் ஒன்றையொன்று தொடும் தானிய எல்லைகளில் குழிகள் விழத் தொடங்கிவிட்டனவா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் அந்த 20,000 மணியை ஆயுள் என்று சொல்லக் கூடாது. தண்டு அதற்கு முன்பே அறுந்துவிடும்.