ஸ்பிளிட் டன்னல்: இரண்டு வருட வி.பி.என் பயன்பாட்டுக்குப் பிறகு

வெளியே இருக்கும்போது வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் வி.பி.என்-இல், எல்லா டிராஃபிக்கையும் வீடு வழியாக அனுப்பும் ஃபுல் டன்னல் போடவா, வீட்டுக்கான டிராஃபிக்கை மட்டும் அனுப்பும் ஸ்பிளிட் போதுமா என்று நண்பர் கேட்டார். இரண்டு வருடமாக வயர்கார்டு என்ற வி.பி.என் மென்பொருள் வைத்திருக்கிறேன். ஸ்பிளிட்டை மனதாரப் பாராட்டுவேன், ஆனால் ஒரு விஷயத்தில் இன்னும் கோபம் ஆறவில்லை.

முதல் எட்டு மாதம் ஃபுல் டன்னல்தான். வெளியே உட்கார்ந்து பார்க்கிற வீடியோ முதலில் வீட்டுக்கு இறங்கும், அப்புறம் அங்கிருந்து மேலேறி என்னிடம் வரும். வீட்டு இணைப்பின் அப்லோடு 20 எம்பிபிஎஸ். அதனால் எவ்வளவு நல்ல வைஃபை கிடைத்தாலும் எனக்கு அதைத் தாண்டாது. வீட்டில் யாராவது வீடியோ காலில் இருந்தால் அவர்கள் படமும் உறைந்துவிடும்.

ஸ்பிளிட்டுக்கு மாற, என் லேப்டாப்பின் கான்ஃபிகில் எல்லா முகவரிகளையும் குறிக்கும் `0.0.0.0/0, ::/0` என்று இருந்ததை எடுத்துவிட்டு இதைப் போட்டேன்:

```
AllowedIPs = 192.168.1.0/24
```

அதாவது 192.168.1 என்று தொடங்கும் முகவரி உள்ள வீட்டுச் சாதனங்களுக்கான டிராஃபிக் மட்டும் டன்னலில் போகும், மற்றதெல்லாம் நேராக வெளியே. வேகம் உடனே திரும்பி வந்தது.

கோபம் எங்கே என்றால், ஒருநாள் வெளியூர் விடுதியில், வீட்டில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் என் நாஸைத் திறக்க `192.168.1.20` என்று அடித்தேன். வந்தது யாருடைய பிரிண்டரோ ஒன்றின் பக்கம்! வயர்கார்டு திரையில், வீட்டோடு இணைப்பை உறுதிசெய்யும் ஹேண்ட்ஷேக் சில நொடிகளுக்கு முன் நடந்ததாகவே காட்டியது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. லேப்டாப்பின் ஐபியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது: அந்த வைஃபையும் 192.168.1 வரிசையேதான். ஒரே முகவரிக்கு இரண்டு வழி இருந்தால் எது ஜெயிக்கும் என்பது சிஸ்டத்துக்குச் சிஸ்டம் மாறும். என்னுடையது பக்கத்து வைஃபையையே எடுத்துக்கொண்டது. ஃபுல் டன்னலுக்கு மாறியும் பயனில்லை. `/0` என்பது எல்லாவற்றையும் விடப் பரந்த வழி. குறுகிய வழிக்குத்தான் முன்னுரிமை.

அன்றைக்கு `192.168.1.20/32` என்று அந்த ஒரு முகவரியை மட்டும் எழுதிச் சமாளித்தேன். `/24`-ஐ விட அது குறுகியது என்பதால் டன்னல் ஜெயித்தது. வீடு திரும்பியதும் ரவுட்டரில் வரிசையையே `192.168.73.0/24` ஆக்கினேன். நிலையான ஐபி கொடுத்து வைத்திருந்த கேமரா, பிரிண்டர், நாஸ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றுவதில் ஒரு மாலை முழுக்கப் போயிற்று. முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை.

இவ்வளவு சொல்லிவிட்டு, நண்பருக்கு நான் சொன்ன பதில் ஃபுல் டன்னல். அவர் கேட்டது போனுக்காக, அதுவும் தினம் ஒரு அறிமுகமில்லாத வைஃபையில் இருப்பவர். ஸ்பிளிட்டில் அவர் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பதை அந்த வைஃபையை நடத்துபவர் பெரும்பாலும் பார்த்துவிடலாம். வேகம் குறைந்தால் குறையட்டும், என் போனிலும் ஃபுல்தான் ஓடுகிறது. ஆனால் வீட்டு ஐபி வரிசையை இன்றைக்கே மாற்றிவிடச் சொன்னேன்.