ராகியும் சர்க்கரை நோயும்: ஒரே ஆய்வைச் செய்தியாக்க மூன்று வழிகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ராகிக் களி தெரியாத வீடு இல்லை. ஆகவே ராகியும் சிறுதானியங்களும் சர்க்கரை நோயைக் குறைக்கும் என்று ஒரு செய்தி வந்தால், வேறு ஊர்களில் அது படித்து மறக்கப்படலாம். இங்கே அன்றிரவே அடுப்பில் செயலாகிவிடும். சிறுதானியங்களையும் நீரிழிவையும் பற்றி 2021-ஆம் ஆண்டு ‘ஃபிரன்டியர்ஸ் இன் நியூட்ரிஷன்’ இதழில் இக்ரிசாட் என்ற பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தினர் தலைமையில் வெளியான, 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு அத்தகைய செய்திகளுக்குக் காரணமானது. அதை ஒரு நிருபர் மூன்று வழிகளில் எழுதலாம்: நிறுவனத்தின் செய்திக்குறிப்பிலிருந்து எழுதலாம், ஆய்வுச்சுருக்கத்திலிருந்து எழுதலாம், அல்லது கட்டுரைக்குள் சென்று எண்களை நோயாளியின் கணக்குக்கு மாற்றி எழுதலாம். மூன்றையும் நான் முயன்றிருக்கிறேன்.

முதல் வழி வேகமானது. செய்திக்குறிப்பில் தலைப்பு, மேற்கோள், எண் எல்லாம் ஆயத்தமாக இருக்கும். அரை மணி நேரத்தில் செய்தி முடிந்துவிடும். ஆனால் மிகைப்படுத்தல் பல நேரங்களில் செய்தி அறையில் பிறப்பதில்லை, அந்தக் குறிப்பிலேயே பிறந்துவிடுகிறது. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை அவற்றின் மூல ஆய்வுகளோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு, 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. குறிப்பில் மிகையான அறிவுரை இருந்தபோது அதைப் பின்பற்றிய செய்திகளில் 58 சதவீதத்தில் அதே மிகை இருந்தது. குறிப்பில் மிகை இல்லாதபோது அது 17 சதவீதமாகவே இருந்தது. மிகைப்படுத்திய குறிப்புகள் கூடுதலாகச் செய்தியாயின என்பதற்கும் போதிய சான்று கிடைக்கவில்லை. இந்த வழியில் எழுதுபவர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ராகி, கம்பு, சோளம் ஆகியவை இக்ரிசாட் ஆராய்ந்து வளர்க்கும் பயிர்கள். இதனால் ஆய்வு தவறென்று ஆகிவிடாது. ஆனால் வாசகருக்கு ஒரு வரியில் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது வழியில் நாம் ஆய்வாளர்களின் சொந்தச் சொற்களுக்கு வருகிறோம். நீண்ட நாள் சிறுதானியம் உண்ட சர்க்கரை நோயாளிகளுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 12 சதவீதமும், உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 15 சதவீதமும் குறைந்தன என்று ஆய்வுச்சுருக்கம் சொல்கிறது. எண் சரியானது, இருந்தும் அது தனியே நிற்கும்போது வாசகரைத் தவறான இடத்துக்கு இட்டுச் செல்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய இதழுக்கு இந்த எண்ணை அப்படியே எழுதினேன். பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, நீங்க எழுதினதைப் படிச்சேன். ரெண்டு வேளையும் களிதான். மாத்திரையைப் பாதியாக்கிட்டேன்” என்றார். உடனே மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன்; ஆனால் அந்த முடிவுக்கு அவரைக் கொண்டுவந்தது என் வாக்கியம்தான். அதில் பொய் எதுவும் இல்லை, அளவுதான் இல்லை.

மூன்றாவது வழி அந்த அளவைத் தருவது. வெறும் வயிற்றில் 160 மில்லிகிராம் சர்க்கரை உள்ள ஒருவருக்கு 12 சதவீதம் என்பது ஏறத்தாழ 19. அவருடைய அளவு 141-க்கு வரும். சர்க்கரை நோய் என்று மருத்துவர்கள் வரையறுக்கும் எல்லை 126. ஆக, ஆய்வு சொன்ன முழுப் பயனும் அவருக்குக் கிடைத்தாலும் அவர் இன்னும் அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறார். மாத்திரையைக் குறைக்க அந்த 19-இல் இடமில்லை. இந்தக் கணக்கைச் செய்தியில் இரண்டு வரிகளில் எழுதிவிடலாம். ‘12 சதவீதம்’ என்று படிப்பவர் தம் நோயே குறைந்துவிட்டதாக நினைக்கிறார். ‘160 என்பது 141 ஆகலாம்’ என்று படிப்பவர் தம் பரிசோதனைச் சீட்டை எடுத்துப் பார்க்கிறார்.

கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல், ஏனெனில் அதன் அலகே சதவீதம். நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்களுக்கு அது 6.65-இலிருந்து 5.67-ஆகக் குறைந்தது என்று ஆய்வுச்சுருக்கம் தருகிறது. இதை ‘15 சதவீதம் குறைவு’ என்றும் எழுதலாம், ‘ஒரு புள்ளிக்குச் சற்றுக் குறைவு’ என்றும் எழுதலாம்; இரண்டும் கணக்கில் சரி. சிகிச்சை அறையில் மருத்துவரும் நோயாளியும் பேசுவது புள்ளியில்தான் என்பதால் அதையே எழுத வேண்டும். இங்கே கவனமான நிருபருக்கு ஒரு கேள்வியும் எழ வேண்டும்: 6.5-ஐ எட்டினாலே சர்க்கரை நோய் என்பது வழக்கமான வரையறை; அப்படியிருக்க 6.65 எப்படி ‘முந்தைய நிலை’ ஆனது? இதை ஆய்வாளர்களிடம் மின்னஞ்சலில் கேட்கலாம். பதில் வரும்வரை இந்த எண்ணைத் தலைப்பில் வைக்காமல் இருப்பதே சரி. செய்திக்குறிப்பை மட்டும் வைத்து எழுதுபவருக்கு இந்தக் கேள்வி தோன்றவே வாய்ப்பில்லை.

கட்டுரைக்குள் சென்றால் நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்றும் தெரிகிறது. கிளைசீமிக் குறியீடு என்பது, ஒரு குறிப்பிட்ட அளவு மாவுச்சத்தை உண்டபின் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்பதைக் குளுக்கோஸோடு ஒப்பிடும் எண். 55-க்குக் கீழ் இருந்தால் குறைவு, 55 முதல் 69 வரை நடுத்தரம். இந்தத் தொகுப்பில் தினையும் குதிரைவாலியும் குறைந்த வரிசையில் வந்தன. ராகி நடுத்தரத்தில் வந்தது. வெள்ளை அரிசியைவிட அது கீழேதான், ஆனால் ‘ராகியில் சர்க்கரை ஏறாது’ என்று எழுத இந்த ஆய்வு இடம் தரவில்லை. குறியீடு உருண்டையின் அளவையும் சொல்வதில்லை: குறைந்த குறியீடுள்ள தானியத்தையும் இரண்டு மடங்கு உண்டால் உள்ளே செல்லும் மாவுச்சத்து இரண்டு மடங்குதான். களிக்கு மாவை எவ்வளவு நைசாக அரைக்கிறோம் என்பதைப் பொறுத்தும் சர்க்கரை ஏறுவது மாறும்.

ஆய்வின் பருமனையும் ஒரு வரி தொட வேண்டும். 65 ஆய்வுகள் என்றால் பெரிதாகக் கேட்கிறது. பங்கேற்றவர்கள் மொத்தம் ஏறத்தாழ 1,000 பேர், அதாவது ஓர் ஆய்வுக்குச் சராசரியாகப் பதினைந்து பேர். அளக்கப்பட்டவையும் சர்க்கரை அளவுகளே. ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, யாருக்குப் புதிதாக நோய் வந்தது என்று எண்ணிய முடிவு அல்ல இது. எனவே ‘சர்க்கரை அளவைக் குறைக்க உதவக்கூடும்’ என்பது வரை எழுதலாம். ‘நோய் வராமல் தடுக்கும்’ என்பது ஆய்வின் எல்லைக்கு வெளியே போகிறது.

மூன்றாவது வழிக்கு ஒரு முழு நாள் ஆகும், அதுவே அதன் குறை. மாலைக்குள் செய்தி வேண்டும் என்று ஆசிரியர் கேட்டால் இரண்டாவது வழியோடு அந்த 160–141 கணக்கையும், மருந்தை நிறுத்திப் பார்த்த ஆய்வு அல்ல இது என்ற வரியையும் சேர்த்தாவது அனுப்ப வேண்டும். முதல் வழியை நான் எந்த நெருக்கடியிலும் ஏற்பதில்லை. இன்று அதே செய்தியை எழுதினால் என் முதல் பத்தி இப்படி இருக்கும்:

“நீண்ட நாள் சிறுதானியம் உண்பது, சர்க்கரை நோயாளிகளின் வெறும் வயிற்றுச் சர்க்கரையைச் சராசரியாக 12 சதவீதம் குறைக்க உதவக்கூடும் என்று 65 சிறிய ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. 160 இருப்பவருக்கு இது 141 ஆவதற்குச் சமம். மருந்தின் இடத்தை இது நிரப்பும் என்று ஆய்வு சொல்லவில்லை. சிறுதானியங்களுள் ராகி நடுத்தர இடத்திலேயே உள்ளது. ஆய்வுக்குத் தலைமை தாங்கிய இக்ரிசாட், சிறுதானியப் பயிர்களை ஆராயும் நிறுவனம்.”