வீட்டில் பதிவு செய்த குரலை மிக்ஸிங்கிற்குக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பினாங்கு, ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் என் தங்கை முருகன் பாடல் ஒன்றைப் பாடிப் பதிவு செய்தாள். தைப்பூசத்திற்கு முன் வெளியிட வேண்டும் என்பதால், சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்திருந்த கோலாலம்பூர் மிக்ஸிங் நிலையம் ஒன்றிடம் 350 ரிங்கிட் முன்பணமாகக் கட்டி, குரல் கோப்பை அனுப்பினோம். திரும்பி வந்த கோப்பை முதலில் கேட்டபோது குரல் பளிச்சென்று முன்னால் வந்து நிற்பது போலத் தோன்றியது. ஆனால் அதன் ஒலியளவு எங்கள் மூலப்பதிவை விட வெகுவாக உயர்த்தப்பட்டிருந்தது. சத்தமாக ஒலிப்பதைக் காது பெரும்பாலும் தரமானது என்றே ஏற்றுக்கொள்ளும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து மாற்றி மாற்றிக் கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது: குரலில் உடம்பே இல்லை, மேல் ஸ்தாயிச் சங்கதிகள் காதைக் குத்தின, "சரவணபவ" என்று வரும் இடமெல்லாம் சகரம் சீறியது.

என்ன செய்தார்கள் என்று கேட்டு, ஒலியின் ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ அமைப்பின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பும்படி வற்புறுத்தினேன். பல நினைவூட்டல்களுக்குப் பிறகு வந்த அந்தப் படமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அடிப்பக்க உறுமலை நீக்கும் ஹை பாஸ் ஃபில்டரை 250 ஹெர்ட்ஸில், ஆக்டேவுக்கு 24 டெசிபல் என்ற செங்குத்தான சரிவில் வைத்திருந்தார்கள். என் தங்கை ஐந்து கட்டை சுருதியில் பாடுகிறாள். அவளுடைய ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ், பாட்டில் இறங்கித் தொடும் மந்திர பஞ்சமம் 147 ஹெர்ட்ஸ். அந்த அமைப்பில் ஷட்ஜத்தின் அடிப்படை அதிர்வு சுமார் 9 டெசிபலும், பஞ்சமத்தின் அடிப்படை அதிர்வு சுமார் 18 டெசிபலும் குறைந்துவிடும். உறுமலோடு சேர்த்துப் பாடகியின் ஷட்ஜத்தையும் வெட்டி எறிந்திருந்தார்கள் என்பதே இதன் பொருள். யார் பாடினார்கள், எந்தச் சுருதி என்று அவர்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வரும் குரல்கள் எல்லாவற்றுக்கும் முன்பே தயாராக வைத்திருக்கும் ஒரே ப்ரீசெட்டைத்தான் போடுகிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிறகு அதே மூலப்பதிவை வீட்டுக் கணினியில் நாங்களே எடுத்துக்கொண்டோம். ஃபில்டரைக் கீழிருந்து மெல்ல உயர்த்திக்கொண்டே போய், மந்திர பஞ்சமம் மெலிவது காதில் பட்ட இடத்திலிருந்து சற்றுப் பின்வாங்கி, 90 ஹெர்ட்ஸில் ஆக்டேவுக்கு 12 டெசிபல் சரிவில் நிறுத்தினோம். சாலையில் போகும் லாரிகளின் அதிர்வும், மைக் ஸ்டாண்டு வழியாகத் தரையிலிருந்து ஏறிய முட்டலும், 50 ஹெர்ட்ஸ் மின்சார முனகலின் பெரும்பகுதியும் அடங்கின. குரலின் கனம் அப்படியே இருந்தது. மின்விசிறியின் காற்றிரைச்சல் மட்டும் போகவில்லை. அது எல்லா அதிர்வெண்களிலும் பரவியிருப்பதால் ஈக்யூவால் பிரித்தெடுக்க முடியாது. விசிறியை நிறுத்திவிட்டு அந்த வரிகளை மீண்டும் பாடுவதே நல்ல வழி.

காதைக் குத்தும் கரகரப்பைப் பொறுத்தவரை, ஈக்யூவில் குறுகிய அதிர்வெண் பட்டை ஒன்றை உயர்த்தி மேலும் கீழும் நகர்த்தித் தேடுவது வழக்கம். அதிகமாக உயர்த்தினால் எந்த இடமும் கொடுமையாகத்தான் ஒலிக்கும் என்பதால், பட்டையை அணைத்தும் போட்டும் ஒப்பிட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். எங்கள் பதிவில் 3,200 ஹெர்ட்ஸ் அருகேதான் குத்தல் இருந்தது. ஓடு பதித்த வெற்றறையில் மைக்குக்கு மிக நெருங்கி நின்று பாடியதன் விளைவு அது. அங்கே 3 டெசிபல் குறைத்ததே போதுமானதாக இருந்தது. அந்த நிலையமோ அதே பகுதியைத் தெளிவு என்ற பெயரில் உயர்த்தியிருந்தது.

அவர்களுடைய படத்தில் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலே 8 டெசிபல் ஏற்றமும் இருந்தது. குரலுக்குக் காற்றோட்டம் தர மேல்பகுதியை உயர்த்துவது நல்ல முறைதான், ஆனால் அதனுடன் சகர ஒலியும் மைக்கின் சீறலும் சேர்ந்தே ஏறும். முதலில் டீ-எஸ்ஸர் கொண்டு 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான சகரச் சீற்றத்தை அடக்கிவிட்டு, பிறகு 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் 2 டெசிபல் மட்டும் ஏற்றினோம். மூச்சும் சொற்களின் விளிம்பும் திறந்துகொண்டன, சீற்றம் திரும்பவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: குரல் கோப்பை வாட்ஸ்அப் குரல்பதிவாக அனுப்பச் சொல்லும் இடங்களும் உண்டு. அப்படிச் சுருக்கப்பட்ட கோப்பில் உச்ச அதிர்வெண்கள் பெரும்பாலும் இழக்கப்பட்டிருக்கும். இல்லாத காற்றை எந்த ஈக்யூவாலும் உயர்த்த முடியாது. வேவ் கோப்பாகவே கொடுங்கள்.

பணம் கட்டும் முன், பாடகரின் சுருதியைக் கேட்கிறார்களா, ஈக்யூ அமைப்பைக் காட்டச் சம்மதிக்கிறார்களா, ஒலியளவைச் சமப்படுத்திய ஒப்பீட்டுக் கோப்பைத் தருவார்களா என்று எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குத் திருத்தமும் இல்லை, பணமும் திரும்பவில்லை. 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கோரிக்கை பதிவு செய்யலாம் என்பதால், கட்டண ரசீது, அவர்களின் செய்திகள், அந்த ஸ்கிரீன்ஷாட், இரண்டு கோப்புகள் எல்லாவற்றையும் இணைத்து மனுவைத் தயார் செய்திருக்கிறேன்.