திதி, நட்சத்திரம், யோகம், கரணம்: எது எதை அளக்கிறது?

பஞ்சாங்கத்தின் ஐந்து அங்கங்களில் வாரம்தான் எளிது. ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை ஒரு கிழமை, அவ்வளவே. செவ்வாய் விடியற்காலை 3 மணிக்குப் பிறந்த குழந்தைக்கும் பஞ்சாங்கப்படி திங்கட்கிழமைதான். மற்ற நான்குக்கும் சூரியன் எந்தப் பாகையில் இருக்கிறது, சந்திரன் எந்தப் பாகையில் இருக்கிறது என்ற இரண்டு எண்கள் போதும்.

சூரியன் 40 பாகையிலும் சந்திரன் 175 பாகையிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

திதிக்குக் கழிக்க வேண்டும். 175-இல் 40 போனால் 135. ஒரு திதிக்கு 12 பாகை. 132-லேயே 11 திதிகள் முடிந்துவிட்டன, ஆகவே இப்போது நடப்பது வளர்பிறை துவாதசி. கரணம் என்பது அதில் பாதி, அதாவது 6 பாகை. துவாதசியின் முற்பாதி 138 வரை என்பதால் நம் கரணம் பவம். சந்திரன் சூரியனை விட்டு ஒரு நாளில் சுமார் 12 பாகை விலகுகிறது. அந்தக் கணக்கில் பவம் இன்னும் ஆறு மணி நேரத்தில் முடியும், துவாதசி முடிய ஏறக்குறைய 18 மணி நேரம் ஆகும்.

நட்சத்திரத்துக்கு சூரியன் தேவையே இல்லை. சந்திரனின் 175-ஐ 13 பாகை 20 கலையால், அதாவது 13⅓ பாகையால், வகுத்தால் 13 நட்சத்திரங்கள் கடந்து பதினான்காவது, சித்திரை. யோகத்துக்கோ இரண்டையும் கூட்ட வேண்டும். 215-ஐ அதே அளவால் வகுத்தால் பதினேழாவது யோகமான வியதீபாதம் வரும். திதியைப் போல வானத்தைப் பார்த்து இதை உணர முடியாது. கூட்டுத்தொகைக்கு வானில் உருவம் கிடையாது.

இரண்டு பஞ்சாங்கங்கள் முரண்படும்போது இந்த வேறுபாடு உதவும். பாகைகளை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதைத் தீர்மானிக்கும் திருத்தம்தான் அயனாம்சம். அவை ஒரு பாகை வித்தியாசமுள்ள அயனாம்சத்தைப் பயன்படுத்தினால் திதியும் கரணமும் மாறாது, கழிக்கும்போது அந்த ஒரு பாகை அடிபட்டுப் போகிறது. நட்சத்திரம் மாறும் நேரம் இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவாக நகரும். யோகத்தில் அந்தப் பிழை இருமடங்காகிவிடுவதால் மூன்று மணிக்கு மேல் தள்ளிப் போகும். திதியே மாறியிருந்தால் காரணம் அயனாம்சம் இல்லை. சந்திரனின் இடத்தையே வேறு முறையில் கணித்திருக்கிறார்கள். பழைய வாய்பாடுகளின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் நவீன வானியல் கணக்கின்படி கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் நடக்கும் சண்டை பெரும்பாலும் இந்த ரகம்.

அப்புறம், தினசரி காலண்டரில் பார்க்கும் சித்த, அமிர்த, மரண யோகங்களை இந்த யோகத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை கிழமையும் நட்சத்திரமும் சேர்வதால் வருபவை. நான்காவது அங்கமாகச் சொல்லப்படும் யோகம், விஷ்கம்பம் முதல் வைதிருதி வரை உள்ள 27-இல் ஒன்று.